திருப்பிப் பார்க்க வேண்டிய நாள் எது?

படித்த ஒன்றை மறக்கும் தறுவாயில் திரும்ப நினைவுக்குக் கொண்டுவருவதும், ஒவ்வொரு முறை அது சரியாக நினைவுக்கு வந்த பிறகும் அடுத்த முறைக்கான இடைவெளியை நீட்டிக்கொண்டே போவதும் இடைவெளித் திருப்புதல் எனப்படும். அயல்மொழிச் சொற்கள், மருந்துகளின் பக்க விளைவுகள், நரம்புகளின் பெயர்கள் போன்ற துண்டு துண்டான, எண்ணிக்கையில் மிகுந்த, தர்க்கத்தால் வருவிக்க முடியாத செய்திகளுக்கு இந்த முறை பொருந்தும். இதில் மாணவர் முடிவு செய்யவேண்டியது ஒன்றுதான்: ஒவ்வொரு செய்தியையும் எந்த நாளில் மறுபடி கையிலெடுப்பது?

இந்தக் கேள்வியை முதலில் அளந்து பார்த்தவர் ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ். பொருளற்ற அசைகளை வரிசை வரிசையாகத் தாமே மனப்பாடம் செய்து, குறிப்பிட்ட காலம் கழித்து மறுபடி மனப்பாடம் செய்ய எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று கணக்கெடுத்து, 1885-இல் நூலாக வெளியிட்டார். ஒரு மணி நேரம் கழித்து ஏறக்குறைய 44 விழுக்காடும், ஒரு நாள் கழித்து 34 விழுக்காடும், ஒரு மாதம் கழித்து 21 விழுக்காடும் நேரம் மிச்சமானது. இந்த எண்களை ‘ஒரு நாளில் மூன்றில் இரண்டு பங்கு மறந்துபோகும்’ என்று பலர் எழுதுகிறார்கள், அது சரியல்ல. அவர் அளந்தது மறுபடி படிக்கும்போது மிச்சமான உழைப்பை. அதுவும் பொருளே இல்லாத அசைகளில், ஒரே ஒரு மனிதரிடம். ஆனால் அந்தக் கோட்டின் வடிவம் பிற்காலச் சோதனைகளிலும் அப்படியே வந்தது: மறதி முதல் சில மணி நேரத்தில் செங்குத்தாக இறங்கி, பிறகு மெல்ல மெல்லத் தட்டையாகிறது.

அதே நூலில் இன்னொரு முடிவும் இருக்கிறது. மாணவர்களுக்கு அதுதான் கூடுதலாகப் பயன்படும். பன்னிரண்டு அசைகள் கொண்ட வரிசையை ஒரே அமர்வில் 68 முறை திரும்பச் சொல்லி வைத்தால் மறுநாள் கிடைக்கும் பலன், மூன்று நாளில் பிரித்து 38 முறை சொன்னாலே கிடைத்துவிட்டது. உழைப்பு பாதிக்குச் சற்றே கூடுதல், பலன் சமம்.

இடைவெளி எவ்வளவு இருக்க வேண்டும் என்பது, தேர்வு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இதைத் தெளிவாகக் காட்டியது 2008-இல் நிக்கலஸ் செப்பீடாவும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு. ஆயிரத்து முந்நூறுக்கும் மேற்பட்டோர் அதிகம் பேர் அறியாத 32 பொது அறிவுச் செய்திகளைப் படித்தார்கள்; வெவ்வேறு இடைவெளி விட்டு ஒரு முறை திருப்பினார்கள்; பிறகு வெவ்வேறு காலம் கழித்துத் தேர்வு எழுதினார்கள். திருப்புதலுக்கு ஒரு வாரம் கழித்துத் தேர்வு என்றால், சோதித்த இடைவெளிகளில் ஒரு நாள் இடைவெளியே சிறந்ததாக இருந்தது. 35 நாள் கழித்துத் தேர்வு என்றால் 11 நாள். ஏறக்குறைய ஓராண்டு கழித்து என்றால் 21 நாள். இடைவெளி தேவைக்கு மேல் நீண்டுபோனால் சிறிய இழப்புதான். தேவைக்குக் குறைவாக இருந்தாலோ இழப்பு பெரியது. பெரும்பாலான மாணவர்கள் செய்யும் தவறு இரண்டாவது வகை. காலையில் படித்ததை மாலையில் திருப்புகிறார்கள், மறுநாளும் திருப்புகிறார்கள். எல்லாம் தெரிகிறது என்ற நிறைவோடு அந்தப் பாடத்தை மூடிவிடுகிறார்கள். ஐந்து வாரம் கழித்து வரும் தேர்வுக்கு அந்தத் திருப்புதல் எதுவும் போய்ச் சேர்வதில்லை.

திருப்புதல் என்பது திரும்பப் படிப்பதல்ல. விடையை மூடிவைத்துவிட்டு, கேள்வியை மட்டும் பார்த்து, மனத்திலிருந்து விடையை எடுக்க வேண்டும். ஜெஃப்ரி கார்ப்பிக்கி, ஹென்றி ரோடிகர் ஆகிய இருவரும் 2008-இல் நடத்திய சோதனையில் கல்லூரி மாணவர்கள் 40 சுவாஹிலிச் சொற்களைக் கற்றார்கள். ஒரு சொல்லைச் சரியாகச் சொன்ன பிறகும் அதைத் தொடர்ந்து சோதித்துக்கொண்டவர்களுக்கு ஒரு வாரம் கழித்து ஏறக்குறைய 80 விழுக்காடு நினைவிருந்தது. ஒரு முறை சரியாகச் சொன்னதும் சோதிப்பதை நிறுத்திவிட்டு, படிப்பதை மட்டும் தொடர்ந்தவர்களுக்கு அதில் பாதிகூட நினைவில்லை. எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது இரண்டு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவைத்தான் சொன்னார்கள். தனக்கு எவ்வளவு தெரியும் என்பது பற்றிய மாணவரின் சொந்த மதிப்பீடு, திருப்புதல் நாளைத் தீர்மானிக்கத் தகுந்த அளவுகோல் அல்ல. அந்த வேலையை அட்டவணையிடம் விட்டுவிட வேண்டும்.

ஒரு அட்டவணையை முழுதாகப் போட்டுப் பார்க்கலாம். மருந்தியல் தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கிறது. தேர்வு 43-ஆம் நாள். மனத்தில் நிற்க வேண்டிய செய்திகள் 300. ஒரு செய்திக்கு ஓர் அட்டை. முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. இடைவெளிகள் 1, 3, 7, 16 நாட்கள். அதாவது முதல் நாள் கற்ற அட்டை இரண்டாம் நாளும், ஐந்தாம் நாளும், பன்னிரண்டாம் நாளும், இருபத்தெட்டாம் நாளும் திரும்ப வரும். நாளொன்றுக்கு 12 புதிய அட்டை வீதம் 25 நாளில் 300 அட்டையும் உள்ளே வந்துவிடும்.

இருபத்தைந்தாம் நாள் கற்ற கடைசி அட்டைகள் 26, 29, 36 ஆகிய நாட்களில் திரும்பும். அதன்பின் தேர்வுக்கு ஒரு வாரம்தான். பதினாறாம் நாள் கற்றவை 17, 20, 27 ஆகிய நாட்களில் திரும்பும். அடுத்த முறை வரவேண்டிய நாளே தேர்வு நாள். முதல் நாள் கற்றவை 28-இல் கடைசியாகத் திரும்பி, பதினைந்து நாள் கழித்துத் தேர்வைச் சந்திக்கும். எந்த அட்டைக்கும் கடைசித் திருப்புதலுக்கும் தேர்வுக்கும் இடையே 16 நாளுக்கு மேல் இல்லை. அட்டவணை போடும்போது தேர்வு நாளிலிருந்து பின்னோக்கிப் பார்த்து, இந்த ஒரு கணக்கைச் சரிபார்த்துக்கொண்டால் போதும்.

அன்றாடச் சுமை பன்னிரண்டாம் நாளில் முழு அளவை எட்டும். அன்று முதல் இருபத்தைந்தாம் நாள்வரை ஒவ்வொரு நாளும் 12 புதிய அட்டை, நேற்றைய 12, நான்கு நாள் முந்தைய 12, பதினொரு நாள் முந்தைய 12 என்று மொத்தம் 48. பழைய அட்டை ஒன்றுக்குப் பத்துப் பதினைந்து நொடி ஆகும். புதிய அட்டைக்கு, எழுதுவதையும் புரிந்துகொள்வதையும் சேர்த்து, இரண்டு நிமிடம். ஆக மொத்தம் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். ஆனால் இது எல்லா விடையும் சரியாக வந்தால் உள்ள கணக்கு. திருப்பும் 36 அட்டையில் ஐந்தாறு தவறிப்போகும் என்று வைத்தால், அவை ஒவ்வொன்றும் மறுநாளும் அதன்பின் மும்முறையும் திரும்ப வரும். திருப்புதல் மட்டும் நாளொன்றுக்கு 50 அட்டையைத் தாண்டிவிடும். முப்பத்தேழாம் நாளிலிருந்து அட்டவணைப்படி நாளுக்கு 12 அட்டைதான் வரும். அந்தக் கடைசி வாரம் வெறுமையாகத் தெரிந்தாலும், அது தவறிய அட்டைகளுக்காக ஒதுக்கிய இடம்.

தொடக்கத்தில் இந்தச் சுமை கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் சிக்கல். ஆயிரம் அட்டையை இதே 25 நாளில் முடிக்க நினைத்து நாளுக்கு 40 புதிய அட்டை எடுப்பவருக்கு முதல் நாள் 40 அட்டைதான். பன்னிரண்டாம் நாள் அது 160 ஆகும், தவறியவை தனி. பெரும்பாலான திட்டங்கள் இரண்டாம் வாரத்தின் முடிவில் கைவிடப்படுவதற்குக் காரணம் சோம்பல் அல்ல, முதல் நாளில் போடாத இந்தக் கணக்கு. இந்த அட்டவணையில் புதியவை எத்தனையோ அதைப்போல் மூன்று மடங்கு திருப்புதல் வரும் என்று முன்பே தெரிந்தால், எண்ணிக்கையை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம்.

அட்டை எப்படி எழுதப்படுகிறது என்பது இடைவெளியைவிடப் பெரிய விஷயம் என்றே சொல்ல வேண்டும். ‘காசநோய் மருந்துகளின் பக்க விளைவுகள் யாவை?’ என்று ஒரே அட்டையில் எழுதினால், எட்டு விடையில் ஆறு சரியாக வரும், இரண்டு வராது. அந்த அட்டையைச் சரி என்று வைப்பதா, தவறு என்று வைப்பதா? சரி என்றால் தெரியாத இரண்டும் அதோடு சேர்ந்து பதினாறு நாளுக்குப் பின்னால் போய்விடும். தவறு என்றால் தெரிந்த ஆறும் தேவையில்லாமல் நாளைக்கே வரும். எனவே ஓர் அட்டையில் ஒரு விடைதான் இருக்க வேண்டும். ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் என்ன நிறமாகும்? ஆரஞ்சு கலந்த சிவப்பு. ஐசோனியாசிடோடு எந்த வைட்டமினைச் சேர்த்துத் தருகிறார்கள்? பி6. காசநோய் மருந்து எடுக்கும் ஒருவருக்கு மூட்டுவலி, ரத்தத்தில் யூரிக் அமிலம் கூடியிருக்கிறது, எந்த மருந்து? பைராசினமைடு.

‘சிகிச்சையில் இருக்கும் காசநோயாளிக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியவில்லை, எந்த மருந்து?’ என்ற அட்டையை எடுத்துக்கொள்வோம். விடை எதாம்பியூட்டால், அது கண் நரம்பைத் தாக்கக்கூடியது. மாணவர் ஒருவர் இதை முதல் நாள் கற்கிறார். இரண்டாம் நாள் சரியாகச் சொல்கிறார். ஐந்தாம் நாள் ‘ஐசோனியாசிட்’ என்கிறார். விதிப்படி அட்டை முதல் இடைவெளிக்குத் திரும்பும்: இனி அது 6, 9, 16, 32 ஆகிய நாட்களில் வரும். தேர்வுக்கு முன் அது நிற்பதற்கு இன்னும் போதிய நாள் இருக்கிறது. ஆனால் ஒன்பதாம் நாளும் அவர் ஐசோனியாசிட் என்றே சொன்னால், அட்டவணையால் இனிப் பயனில்லை. இரண்டு மருந்துமே நரம்பைப் பாதிப்பவை. மனத்தில் ‘காசநோய் மருந்து, நரம்பு’ என்ற ஒரே இடத்தில் இரண்டும் மோதிக்கொள்கின்றன. இதை எத்தனை முறை திருப்பினாலும் அன்றைக்கு மட்டும் சரியாக வந்து, இடைவெளி நீண்டதும் மறுபடி குழம்பும்.

இதற்குத் தீர்வு, மோதும் இரண்டையும் எதிரெதிரே வைத்து மூன்றாவது அட்டை ஒன்றை எழுதுவது: ‘ஐசோனியாசிட், எதாம்பியூட்டால்: கண் நரம்பு எதற்கு, கை கால் நரம்பு எதற்கு?’ ஐசோனியாசிட் பாதிப்பது கை கால்களுக்குச் செல்லும் நரம்புகளை. முதலில் பாதங்களில் எரிச்சலும் மதமதப்பும் வரும், அதனால்தான் வைட்டமின் பி6 சேர்க்கப்படுகிறது. எதாம்பியூட்டால் தருவதற்கு முன் பார்வையைச் சோதிப்பதும் அதனால்தான். காரணம் தெரிந்த பிறகு அந்த அட்டை பெரும்பாலும் தடுக்கி விழாது. அயல்மொழிச் சொற்களிலும் இதே நிலைதான்: வடிவிலோ பொருளிலோ நெருங்கிய இரண்டு சொற்களை ஒரே நாளில் உள்ளே எடுத்தால் இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். ஒன்று ஊன்றிய பிறகு, ஒரு வாரம் கழித்து, மற்றதை ஒரு வாக்கியத்துக்குள் வைத்துக் கொண்டுவருவது நல்லது.

அட்டவணை சரியாகப் போகிறதா என்பதை அறிய ஒரே ஓர் எண் போதும். நாள் முடிவில், திருப்பிய அட்டைகளில் எத்தனை சரி என்று ஒரு தாளில் குறித்துவைத்தால், வாரத்துக்கு ஒரு முறை அதைப் பார்க்கலாம். பத்துக்கு எட்டரை அல்லது ஒன்பது சரியாக இருந்தால் இடைவெளி பொருத்தமாக இருக்கிறது. கிட்டத்தட்ட எல்லாமே சரியாக வந்தால் அது மகிழ்ச்சிக்குரிய செய்தி அல்ல. தேவைக்கு முன்பே திருப்பி நேரத்தை வீணாக்குகிறார் என்று பொருள். எட்டுக்கும் கீழே இறங்கினால், முதலில் பார்க்க வேண்டியது எந்த இடைவெளியில் தவறுகிறது என்பதை. ஒரு நாள் இடைவெளியிலேயே பல தவறினால் அட்டைகள் புரியாமல் எழுதப்பட்டிருக்கின்றன. பதினாறு நாள் இடைவெளியில் மட்டும் தவறினால் அந்த ஒரு தாவலை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம்.

நாட்கள் விடுபடுவது எந்த அட்டவணையிலும் நடக்கும். மேற்கண்ட மாணவர் 18, 19, 20 ஆகிய மூன்று நாளும் காய்ச்சலில் படுத்துவிட்டார் என்று கொள்வோம். இருபத்தோராம் நாள் அவர் முன்னால் 96 அட்டைகள் காத்திருக்கும். அன்றைக்கே எல்லாவற்றையும் முடிக்கப் பார்ப்பதும், விட்ட இடத்திலிருந்து நாள்வாரியாகத் தொடர்வதும் இரண்டுமே தவறு. குறுகிய இடைவெளியில் இருக்கும் அட்டைகளை முதலில் எடுக்க வேண்டும். பதினேழாம் நாள் கற்றவை ஒரு நாளில் வரவேண்டியவை. நான்கு நாளாகிவிட்டன, அதாவது நான்கு மடங்குத் தாமதம். 14, 15, 16-ஆம் நாட்களில் கற்றவை மூன்று நாள் இடைவெளிக்காரை. அவற்றுக்கும் அவசரம் உண்டு. ஏழு நாள் இடைவெளியில் இருப்பவை பத்தாம் நாளில் வந்தாலும் பெரிய கேடில்லை; அவற்றை மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் பார்க்கலாம். இப்படிப் பிரித்தால் மூன்று நாளில் தேங்கியவை தீர்ந்துவிடும்.

அந்த மூன்று நாளும் புதிய அட்டை எடுக்கக்கூடாது. இதைச் செய்ய மாணவர்களுக்கு மனம் வருவதில்லை. பாடம் பின்தங்குகிறதே என்ற பதற்றம். ஆனால் விடுபட்ட மூன்று நாளும் நிறுத்திவைத்த மூன்று நாளும் சேர்ந்து ஆறு நாள் தள்ளிப்போனாலும், கடைசிப் புதிய அட்டை 31-ஆம் நாள் உள்ளே வரும். அது 32, 35, 42 ஆகிய நாட்களில் மூன்று முறை திரும்பி, மறுநாள் தேர்வைச் சந்திக்கும். தேங்கிய பழையவற்றின்மேல் புதியவற்றைக் கொட்டுவதுதான் அட்டவணையை உண்மையில் குலைக்கும்.

இந்தக் கணக்கையெல்லாம் காகிதத்தில் போடத் தேவையில்லாத வழிகளும் உண்டு. ஜெர்மன் மொழியில் எழுதிய செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் ஐந்து அறைகள் கொண்ட அட்டைப்பெட்டி ஒன்றைப் பரிந்துரைத்தார்: சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறியது முதல் அறைக்குத் திரும்பும், பின்னறைகள் அரிதாகவே திறக்கப்படும். போலந்தில் மாணவராக இருந்த பியோத்தர் வோஸ்னியாக் தம் சொந்த மறதியை 1985-இல் அளந்து, 1987-இல் அதைக் கணினி நிரலாக்கினார். அதன் புகழ்பெற்ற வடிவத்தில் முதல் இடைவெளி ஒரு நாள், இரண்டாவது ஆறு நாள், அதன்பின் ஒவ்வொன்றும் முந்தையதைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. கடினம் என்று குறிக்கப்படும் அட்டைக்கு அந்தப் பெருக்கம் 1.3 வரை குறையும். 2006-இல் டேமியன் எல்ம்ஸ் வெளியிட்ட ஆன்கி என்ற இலவசச் செயலி இந்த வழியில் வந்தது. மருத்துவ மாணவர்களிடையே இன்று அதுவே பரவலாக இருக்கிறது. 2023 முதல் அதில் இன்னொரு கணக்கு முறையும் சேர்ந்திருக்கிறது. எத்தனை விழுக்காடு நினைவிருக்க வேண்டும் என்று பயனர் சொன்னால், அவருடைய பழைய விடைகளைக் கொண்டு அது நாளைத் தீர்மானிக்கும். வழக்கமான அளவு 90 விழுக்காடு. அதை 97-க்கு உயர்த்தினால் அன்றாடத் திருப்புதல் பல மடங்காகப் பெருகும்.

செயலியில் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. விடை வரவில்லை என்றால் Again பொத்தானையும், திணறியாவது வந்தால் Hard பொத்தானையும் அழுத்த வேண்டும். தோற்றதாகக் காட்ட மனமில்லாமல், மறந்த அட்டைக்கும் Hard அழுத்துகிறவர்கள் பலர். செயலி அதை ‘தெரியும்’ என்று எடுத்துக்கொண்டு இடைவெளியை நீட்டிவிடும். சில வாரங்களில் பெயரளவில் கற்றதாகவும் உண்மையில் தெரியாததாகவும் ஒரு குவியல் சேர்ந்துவிடும். இன்னொன்று, செயலிக்குத் தேர்வு நாள் தெரியாது. அது அட்டையை இரண்டு மாதத்துக்கு அப்பால் தள்ளிவைக்கக்கூடும். ஆறு வாரத் தேர்வுக்குப் படிப்பவர் அமைப்புகளில் அதிகபட்ச இடைவெளியைப் பதினாறு அல்லது இருபது நாளாக வைத்துக்கொள்வது நல்லது. ஓர் அட்டை எட்டு முறை தவறினால் செயலி அதை ஒதுக்கி அடையாளமிடும். அதை விடுவித்து மறுபடி திருப்புவதைவிட, எதாம்பியூட்டால் அட்டையில் செய்ததுபோல் திருத்தி எழுதுவதே வழி.

தேர்வு முடிந்த பிறகு என்ன செய்வது என்பதற்கும் இடைவெளிதான் விடை. ஹாரி பாரிக்கும் அவர் குடும்பத்தினரும் 300 அயல்மொழிச் சொற்களைப் பல ஆண்டுகள் தாமே கற்றுச் சோதித்து 1993-இல் வெளியிட்ட ஆய்வில், 56 நாளுக்கு ஒருமுறை 13 அமர்வு செய்தது, 14 நாளுக்கு ஒருமுறை 26 அமர்வு செய்ததற்கு ஈடாக இருந்தது. நீண்ட இடைவெளியில் கற்கும்போது ஒவ்வொரு அமர்விலும் மறதி கூடுதலாகத் தெரிந்தாலும், ஆண்டுகள் கழித்து நின்றது அதுதான். ஆறு வாரத்தில் நான்கு முறை திரும்பிய மருந்து அட்டைகளில், மருத்துவராகப் பணிபுரியும்போதும் தேவைப்படுபவற்றை 40 நாள், பிறகு மூன்று மாதம், பிறகு எட்டு மாதம் என்று தொடரலாம். தேர்வுக்கு மட்டும் தேவைப்பட்டவற்றைக் கட்டிலிருந்து எடுத்துவிடலாம். மருந்தின் பெயரும் அதன் தீமையும் இப்படி மனத்தில் நிற்கும். ஆனால் பார்வை மங்கியதாகச் சொல்லும் நோயாளியிடம் வேறு என்ன கேட்க வேண்டும், மருந்தை எப்போது நிறுத்த வேண்டும் என்பவை ஒற்றை விடைக் கேள்விகள் அல்ல. அவற்றை வார்டில், நோயாளிகளைப் பார்த்துத்தான் கற்க முடியும்.